பொருநை பொருந்தும், தாமிரபரணி பொருந்தாது: வெண்பாவை அலகிட்டுப் பார்ப்பது எப்படி?

மகனின் கல்யாணப் பத்திரிகைக்கு நாலு வரி வாழ்த்து எழுதி, அதற்கு மேல் ‘வெண்பா’ என்று போட்டுவிட்டீர்கள். தமிழ் படித்த சொந்தக்காரர் ஒருவர் அதை வாசித்துவிட்டு, “தளை தட்டுதே” என்கிறார். அவர் என்ன சொல்கிறார், அதை நீங்களே முன்கூட்டிக் கண்டுபிடித்திருக்க முடியுமா? முடியும். பேனாவும் தாளும் இருந்தால் போதும்.

அதற்கான வேலைக்கு அலகிடுதல் (பாட்டின் ஒவ்வொரு சொல்லையும் ஓசைத் துண்டுகளாக வெட்டிப் பெயரிடுவது) என்று பெயர். பத்தாம் வகுப்புப் பாடத்திலேயே இது உண்டு. தேர்வுக்காகப் படித்து அதோடு மறந்துவிடுகிறோம். இங்கே வெண்பாவை மட்டும் எடுத்துக்கொள்வோம். விதி கறாராக இருப்பது அதில்தான். சொற்களைத் தாமிரபரணிக் கரையிலிருந்து எடுத்துக்கொள்வோம்.

முதலில், எதை வெட்டுவது?

ஒரு சொல்லை அசைகளாக வெட்ட வேண்டும். அசை இரண்டே வகை: நேர், நிரை. வெட்டும்போது புள்ளி வைத்த எழுத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது தனக்கு முன்னால் இருக்கும் எழுத்தோடு ஒட்டிக்கொண்டு போய்விடும். ஒன்று வந்தாலும் இரண்டு சேர்ந்து வந்தாலும் அப்படியே.

இனி இடமிருந்து வலமாகப் பாருங்கள். முதல் எழுத்து நெடிலா? அங்கேயே வெட்டுங்கள், அது நேர். முதல் எழுத்து குறிலாக இருந்து அடுத்தது புள்ளி எழுத்தா? அதையும் சேர்த்து வெட்டுங்கள், அதுவும் நேர். முதல் எழுத்து குறிலாக இருந்து அடுத்து இன்னொரு உயிர்மெய் வருகிறதா? அது குறிலோ நெடிலோ, இரண்டையும் சேர்த்து வெட்டுங்கள், அது நிரை. கடைசியில் ஒரு குறில் மட்டும் தனியாக மிஞ்சினால் அது நேர்.

‘நெல்லை’ என்பது நெல்/லை, நேர் நேர். ‘பொருநை’ என்பது பொரு/நை, நிரை நேர். இவ்வளவுதான்.

அப்படியானால் குறில்தான் நேர், நெடில்தான் நிரையா?

இல்லை. பலரும் சறுக்குவது இங்கேதான். நேர் என்பதைக் குட்டை என்றும் நிரை என்பதை நீளம் என்றும் மனத்தில் வைத்துக்கொண்டால் எல்லாம் தப்பும். ‘பாய்’ என்று எவ்வளவு நீட்டிச் சொன்னாலும் அது நேர்தான். ‘வய’ என்று சட்டென்று சொன்னாலும் அது நிரைதான். எழுத்து ஒற்றையாக நிற்கிறதா, குறில் முன்னே நின்று இன்னொன்றைக் கூட்டிக்கொண்டு இணையாக வருகிறதா என்பதே கேள்வி.

பாபநாசத்தை வெட்டிப் பாருங்கள். பா/ப/நா/சம் என்று நாலாகத்தான் முதலில் கை போகும். ஆனால் ‘ப’ குறில், அடுத்து ‘நா’ வருகிறது. இரண்டும் சேர்ந்து ஒரே நிரை. ஆகவே பா/பநா/சம், நேர் நிரை நேர். குறிலுக்குப் பின்னால் நெடில் வரும் இடத்தில் ஒரு நொடி நின்று பாருங்கள். பிழைகளில் பெரும்பங்கு அங்கேதான் நடக்கிறது.

வெட்டிய பிறகு என்ன செய்வது?

ஒரு சொல்லில், அல்லது சேர்த்து எழுதிய சொற்களில், உள்ள அசைகளின் கூட்டத்துக்குச் சீர் என்று பெயர். ஒவ்வொரு கூட்டத்துக்கும் வாய்பாடு (நினைவில் வைக்க ஒரு மாதிரிச் சொல்) உண்டு. நேர் நேர் வந்தால் தேமா. நிரை நேர் வந்தால் புளிமா. நிரை நிரை கருவிளம். நேர் நிரை கூவிளம். மனப்பாடம் செய்யப் பயப்பட வேண்டாம், அந்தச் சொற்களே தம் விடையைச் சொல்கின்றன. ‘புளிமா’வை வெட்டினால் புளி/மா, நிரை நேர்.

இந்த நான்கோடும் கடைசியில் ஒரு நேர் கூடினால் ‘காய்’ சேரும்: தேமாங்காய், புளிமாங்காய், கருவிளங்காய், கூவிளங்காய். பாபநாசம் ஒரு கூவிளங்காய். கடைசியில் கூடுவது நிரையாக இருந்தால் ‘கனி’ ஆகும். நெல்லையில் ஆற்றுக்குள்ளேயே முருகன் கோயில் இருக்கும் குறுக்குத்துறையை வெட்டினால் குறுக்/குத்/துறை, நிரை நேர் நிரை, புளிமாங்கனி.

வெண்பாவுக்குள் மாவும் விளமும் காயும் வரலாம். கனி வரக்கூடாது. நாலு அசை கொண்ட சீரும் வரக்கூடாது. ஆகவே குறுக்குத்துறையை அப்படியே ஒரு சீராக வைத்து வெண்பா எழுத முடியாது.

தாமிரபரணி?

வெட்டுங்கள். தா/மிர/பர/ணி, நேர் நிரை நிரை நேர். நாலு அசை. நம் ஆற்றின் பெயர் வெண்பாவில் ஒரு சீராக நிற்காது.

இரண்டாகப் பிரித்து ‘தாமிர பரணி’ என்று எழுதினால் ஆகாதா என்று கேட்பீர்கள். அதற்கு விடை சொல்ல வேண்டுமானால் சீருக்கும் சீருக்கும் இடையே உள்ள கட்டைப் பார்க்க வேண்டும். அதற்குத்தான் தளை என்று பெயர். வெண்பாவில் அது மூன்றே வரியில் அடங்கும்.

மாவில் முடியும் சீருக்கு அடுத்த சீர் நிரையில் தொடங்க வேண்டும். விளத்தில் முடியும் சீருக்கு அடுத்தது நேரில் தொடங்க வேண்டும். காயில் முடியும் சீருக்கு அடுத்ததும் நேரில்தான் தொடங்க வேண்டும். இதற்கு வெண்டளை (வெண்பாவுக்கு உரிய கட்டு) என்று பெயர். ஓர் அடியின் கடைசிச் சீரிலிருந்து அடுத்த அடியின் முதல் சீருக்குப் போகும்போதும் இது பொருந்தும். அடி மாறும் இடத்தில் சரிபார்க்க மறப்பவர்கள் நிறைய.

இப்போது ‘தாமிர பரணி’யைப் பாருங்கள். தா/மிர கூவிளம். அடுத்தது நேரில் தொடங்க வேண்டும். ஆனால் பர/ணி நிரையில் தொடங்குகிறது. தளை தட்டிவிட்டது. ‘தாமிரப ரணி’ என்று வேறிடத்தில் வெட்டினாலும் காய்க்குப் பின் நிரை வந்து அதுவும் தட்டும்.

வழியே இல்லையா? ஒன்று இருக்கிறது. ‘வரும் தாமிரபரணிக் கரை’ என்பதை ‘வருந்தா மிரபர ணிக்கரை’ என்று வெட்டினால் புளிமா, கருவிளம், கூவிளம் என்று ஒழுங்காக அமையும். மாவுக்குப் பின் நிரை, விளத்துக்குப் பின் நேர். சொல்லின் நடுவே சீரைப் பிரிக்கும் இதற்கு வகையுளி என்று பெயர். இலக்கணம் இதை ஒப்புக்கொள்கிறது. ஆனால் வாசிப்பவர் ‘மிரபர’ என்று ஒரு துண்டைக் கண்டு திகைப்பார். பழைய பெயரான பொருநை இருக்கும்போது ஆற்றை இப்படி மூன்றாக நறுக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. பொருநை புளிமா. பாட்டின் தொடக்கத்திலோ மாவில் முடியும் சீருக்குப் பின்னாலோ வைத்தால் முறிக்காமல் நிற்கும்.

ஒரு பாட்டை முழுதாகச் சரிபார்த்துக் காட்டுங்கள் என்றால்?

அதற்காகவே இரண்டடியில் ஒரு குறள் வெண்பா கட்டியிருக்கிறேன். முதலடியில் நாலு சீர், இரண்டாமடியில் மூன்று.

பொதிகை மலையிறங்கிப் பூவயல் பாய்ந்து
கதிராய்ப் பொருநை வரும்.

முதல் சீர் பொதி/கை, நிரை நேர், புளிமா. மாவுக்குப் பின் நிரை வேண்டும். அடுத்தது மலை/யிறங்/கிப். ‘மலை’ நிரை. சரி. முழுச் சீரும் நிரை நிரை நேர், அதாவது கருவிளங்காய். காய்க்குப் பின் நேர் வேண்டும். பூ/வயல், நேரில் தொடங்குகிறது, கூவிளம். விளத்துக்குப் பின் நேர். பாய்ந்/து, நேர் நேர், தேமா. இங்கே அடி முடிகிறது. தேமாவுக்குப் பின் நிரை வர வேண்டும். இரண்டாமடி கதி/ராய்ப் என்று நிரையில் தொடங்குகிறது, புளிமா. அடுத்துப் பொரு/நை, மீண்டும் புளிமா. கடைசியில் ‘வரும்’, தனி நிரை.

‘ராய்ப்’ என்பதில் நெடிலுக்குப் பின் இரண்டு புள்ளி எழுத்துகள் இருக்கின்றன. இரண்டும் அந்த நேருக்குள்ளேயே அடங்கிவிட்டன.

கடைசிச் சீருக்கு ஏன் ஒரே அசை?

வெண்பா அப்படித்தான் முடிய வேண்டும். ஈற்றுச் சீருக்கு நான்கு வாய்பாடுகள் உண்டு: தனி நேர் என்றால் நாள், தனி நிரை என்றால் மலர். அவற்றோடு ‘உ’ என்று தேய்ந்து முடியும் ஓசை சேர்ந்தால் முறையே காசு, பிறப்பு. நம் பாட்டின் ‘வரும்’ மலர். ‘ஆறு’ என்ற சொல் காசு, ‘வரத்து’ என்ற சொல் பிறப்பு. ‘வருமே’ என்று முடித்தால் கெட்டது. ஏகாரத்தில் இழுத்து முடிப்பது ஆசிரியப்பாவின் வழக்கம், வெண்பா அதை ஏற்காது. வாழ்த்துப் பாக்களில் ‘வாழ்கவே’, ‘சிறக்கவே’ என்று முடிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

தளை தட்டினால் எப்படித் தெரியும், எப்படித் திருத்துவது?

நம் பாட்டில் ‘பாய்ந்து’ என்பதற்குப் பதில் ‘நிறைத்து’ என்று போட ஆசை வருகிறது என்று வையுங்கள். பொருள் இன்னும் நன்றாகவே இருக்கிறது. ஆனால் ‘பூவயல்’ விளம், அதற்குப் பின் ‘நிறைத்’ நிரை. தட்டுகிறது. வாய்விட்டு வாசித்தால் ‘வயல் நிறை’ என்ற இடத்தில் ஓசை தடுக்கி விழுவதைக் காதே சொல்லிவிடும்.

திருத்த இரண்டு வழி உண்டு. பின்னால் நிற்பதை மாற்றலாம், அதாவது ‘பாய்ந்து’ என்றே விட்டுவிடலாம். அல்லது முன்னால் நிற்பதை மாற்றலாம். ‘பூமி நிறைத்துக்’ என்றால் ‘பூமி’ தேமா, அடுத்து நிரை வரலாம், கட்டு சேர்ந்துவிடும். ஆனால் முன்சீரை மாற்றியதும் வேலை முடிந்துவிடாது. அதற்கும் முந்திய சீரோடு அது சேருகிறதா என்று ஒரு முறை பின்னே போய்ப் பாருங்கள். ‘மலையிறங்கிப்’ காய், ‘பூமி’ நேரில் தொடங்குகிறது. சரி. ‘பழவயல்’ என்று போட்டிருந்தால் காய்க்குப் பின் நிரை வந்து புதிய இடத்தில் தட்டியிருக்கும். ஒரு சீரை மாற்றினால் இருபுறமும் இரண்டு கட்டுகளைச் சோதிக்க வேண்டும். அனுபவமுள்ளவர்களும் அவசரத்தில் ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு விடுவதுண்டு.

அச்சில் இருப்பதை அப்படியே வெட்டலாமா?

கூடாது. இப்போதைய பதிப்புகள் பலவும் எளிதில் பொருள் புரிவதற்காகச் சொற்களைப் பிரித்து அச்சிடுகின்றன. ‘மலையிறங்கி’ என்பதை ‘மலை இறங்கி’ என்று பிரித்துப் போட்டால், ‘மலை’ ஒற்றை அசையாகத் தனியே நின்று சீர்க்கணக்கே எட்டாகிவிடும். பாட்டில் பிழை இருப்பதாகத் தோன்றும். உண்மையில் பிழை இடைவெளியில்தான் இருக்கிறது.

உகரத்தில் முடியும் சொல்லை அடுத்து உயிரெழுத்து வந்தால் இன்னும் ஏமாற்றும். ‘பாய்ந்து எழும்’ என்று பிரித்து எழுதினால் மூன்று அசை: பாய்ந்/து/எழும். சேர்த்துச் சொன்னால் ‘பாய்ந்தெழும்’, பாய்ந்/தெழும், இரண்டே அசை. ஓர் அசையே காணாமல் போய்விடுகிறது. ஆகவே முதல் வேலையாகச் சொற்களைச் சேர்த்து எழுதுங்கள், பிறகு சீர்களை எண்ணுங்கள், அதன் பிறகு வெட்டுங்கள். அடிக்கு நாலு சீரும் கடைசி அடியில் மூன்று சீரும் வராவிட்டால் வெட்டத் தொடங்கவே வேண்டாம், முதலில் சேர்ப்பைச் சரிசெய்யுங்கள். தேர்வு எழுதும் பிள்ளைகளுக்குத் திருக்குறளைச் சீர் பிரித்தே கொடுத்துவிடுவதால் அவர்களுக்கு இந்தச் சிக்கல் வருவதில்லை.

‘ஐ’ குறிலா, நெடிலா?

நியாயமான சந்தேகம். எழுத்துக் கணக்கில் ஐ நெடில்தான். ஆனால் சொல்லின் முதலில் இல்லாமல் நடுவிலோ கடைசியிலோ வந்தால் அதன் ஓசை தேய்ந்துவிடும். இதை ஐகாரக்குறுக்கம் (ஐ தன் அளவில் குறைந்து ஒலிப்பது) என்பார்கள். அப்போது அது குறில்போல நின்று அடுத்த எழுத்தைச் சேர்த்து நிரையாகலாம்.

இதன் பயனை நெல்லையப்பரிடம் காணலாம். ‘லை’யை நெடிலாகவே கொண்டால் நெல்/லை/யப்/பர், நாலு அசை. வெண்பாவில் வரமுடியாது. ‘லை’ குறுகியதாகக் கொண்டால் நெல்/லையப்/பர், நேர் நிரை நேர், கூவிளங்காய். தாராளமாக வரலாம். வாயால் சொல்லிப் பாருங்கள், நாம் ‘லை’யை நீட்டிச் சொல்வதே இல்லை. ஒரு சீர் பொருந்தவில்லையே என்று தவிக்கும்போது, அதன் நடுவே ஐ இருக்கிறதா என்று பாருங்கள்.

இதெல்லாம் எழுதுகிறவர்களுக்கு மட்டும்தானா?

வாசிப்பவர்களுக்கும் பதிப்பிப்பவர்களுக்கும்கூட. ஓலைச்சுவடியில் புள்ளி இருக்காது. கொ, கோ இரண்டும் ஒரே வடிவில் இருக்கும். துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோல இருக்கும். உ.வே.சாமிநாதையர் 1889-இல் பத்துப்பாட்டை அச்சிடும் முன் ஏடு தேடித் திருநெல்வேலிக்கும் ஆழ்வார்திருநகரிக்கும் வந்ததை ‘என் சரித்திர’த்தில் எழுதியிருக்கிறார். அப்படிக் கிடைத்த ஏட்டில் ஒரு சொல் பொகரமா போகாரமா என்று கண்ணுக்குத் தெரியாதபோது, அலகிடுதல் கைகொடுக்கும்.

நம் பாட்டையே ஓலையில் எழுதியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ‘பொருநை’ என்றும் வாசிக்கலாம், ‘போருநை’ என்றும் வாசிக்கலாம். முன்னால் ‘கதிராய்ப்’ புளிமா இருக்கிறது, ஆகவே அடுத்தது நிரையில் தொடங்கியே தீர வேண்டும். ‘போ’ நேர். ஆகவே அந்த வாசிப்பு தள்ளப்படும், ‘பொரு’ நிற்கும். பொருளே தெரியாத அரிய சொல்லிலும் இதே சோதனை வேலை செய்யும். ஆனால் அதற்கும் எல்லை உண்டு. இரண்டு வாசிப்புகளும் ஒரே அசையைத் தந்தால் யாப்பு தீர்ப்புச் சொல்லாது. ‘வயல்’, ‘கயல்’ இரண்டும் நிரையே, அங்கே பொருளையும் மற்ற ஏடுகளையும்தான் கேட்க வேண்டும்.

மற்றப் பாக்களுக்கும் இதே வழிதானா?

வெட்டுவது ஒன்றேதான், கட்டும் விதி மாறும். நம்மாழ்வார் பிறந்த ஆழ்வார்திருநகரியை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய பெரிய திருவந்தாதியின் 87 பாசுரங்களும் வெண்பா. திருவாசிரியத்தின் 7 பாசுரங்கள் ஆசிரியப்பா. திருவிருத்தத்தின் 100 பாசுரங்கள் கட்டளைக் கலித்துறை. மூன்றையும் அலகிட்டுப் பார்ப்பவருக்கு ஒரே கவியிடம் மூன்று பயிற்சி கிடைக்கிறது. பக்கத்து ஊரான ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த குமரகுருபரரின் நீதிநெறி விளக்கம் முழுவதும் வெண்பா. தொடங்குபவர்களுக்கு அதுதான் நல்ல இடம்.

கட்டளைக் கலித்துறையில் கூடுதலாக ஒரு சோதனை உண்டு. அடிக்கு ஐந்து சீர், கடைசிச் சீர் விளங்காய், அடிக்குள் வெண்டளை. அதோடு புள்ளி எழுத்துகளை விட்டுவிட்டு எண்ணினால், நேரில் தொடங்கும் அடியில் 16 எழுத்தும் நிரையில் தொடங்கும் அடியில் 17 எழுத்தும் இருக்க வேண்டும். ‘பொதிகை மறந்து புதுவயல் பாய்ந்து பொருநைவந்தாள்’ என்று ஓர் அடி எழுதிப் பார்த்தேன். எண்ணினால் 3, 3, 4, 2, 5. மொத்தம் 17. தொடக்கம் ‘பொதி’, நிரை. கடைசிச் சீரில் ‘நை’ குறுகிப் பொரு/நைவந்/தாள் என்று கருவிளங்காயாக நிற்கிறது.

உங்கள் வாழ்த்துப்பாவை இன்றே எடுத்து, சொற்களைச் சேர்த்து எழுதி, ஒவ்வொரு சீருக்கும் அடியில் அதன் வாய்பாட்டைக் குறியுங்கள். இரண்டு சீருக்கு நடுவே தளை பொருந்தினால் ஒரு கோடு, தட்டினால் ஒரு பெருக்கல் குறி. பெருக்கல் குறி விழுந்த இடங்களை மட்டும் திருத்துங்கள். மற்றதைத் தொட வேண்டாம்.